மேசை, திரை, கண்: 20 விநாடி இடைவேளை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொம்ப நேரம் லேப்டாப் பார்த்தா கண் எரியுது, மங்கலாகுது. ஏன்?

பெரும்பாலும் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, கண் காய்வது. சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். திரையில் ஊன்றிப் படிக்கும்போது அது பாதியாகவோ இன்னும் கீழாகவோ குறைந்துவிடும். சிமிட்டுவதும் அரைகுறைதான், மேல் இமை கீழ் இமையைத் தொடாமலேயே திரும்பிவிடும். கண்ணின் கீழ்ப்பகுதியில் கண்ணீர்ப் படலம் புதுப்பிக்கப்படாமல் காய்ந்து போவதால் எரிச்சலும் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் வருகின்றன.

இன்னொன்று, கண்ணுக்குள் இருக்கும் தசையின் உழைப்பு. தூரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது அந்தத் தசை தளர்ந்திருக்கும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அது இறுகி லென்ஸைக் குவித்துத் தர வேண்டும். மணிக்கணக்காக ஒரே தூரத்தில் நிறுத்தி வைத்தால், விட்டதும் உடனே தளராது. வேலையிலிருந்து நிமிர்ந்து எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தால் முதல் சில விநாடி முள் தெளிவாகத் தெரியாமல் போவது இதனால்தான்.

20-20-20 என்கிறார்களே, அது என்ன?

20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை, 20 விநாடி பார்ப்பது. 20 அடி என்றால் சுமார் 6 மீட்டர். அந்தத் தூரத்தில் கண் தசைக்கு அநேகமாக வேலையே கிடையாது. அரை மீட்டர் தள்ளி இருக்கும் திரையைப் பார்க்க அது செய்யும் வேலையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் அங்கே தேவை.

அந்த 20 விநாடியில் நான் சரியா என்ன செய்யணும்?

முதலில் கையைக் கீபோர்டிலிருந்தும் மவுஸிலிருந்தும் எடுத்து மடியில் வையுங்கள். கை அங்கேயே இருந்தால் கண்ணும் திரையை விட்டு நகராது. பிறகு ஜன்னலுக்கு வெளியே விளிம்பும் விவரமும் உள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருக்கும் பெயர், தென்னை ஓலையின் நுனி, கேபிள் வயரில் உட்கார்ந்திருக்கும் காக்கை. வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. பிடித்துக்கொள்ள விளிம்பு எதுவும் இல்லாதபோது கண் தூரத்துக்குப் போகாமல் தானாகவே கிட்டத்துத் தூரம் ஒன்றில் போய் நின்றுவிடும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கைந்து முறை மெதுவாக, முழுதாகச் சிமிட்டுங்கள். மேல் இமை கீழ் இமையைத் தொட்டு ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும். இறுக்கிப் பிழிய வேண்டாம். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. அவசரப்படாமல் ஐந்து முறை மூச்சு விட்டால் ஏறக்குறைய 20 விநாடி ஆகிவிடும்.

என் ரூமே பத்தடிதான். 20 அடிக்கு எங்கே போவேன்?

பத்தடியே போதும் என்று சொல்லிவிடலாம். திரையிலிருந்து பத்தடிக்குப் போகும்போதே தசையின் வேலை பெருமளவு குறைந்துவிடுகிறது. பத்திலிருந்து இருபதுக்குப் போவதில் கிடைக்கும் கூடுதல் தளர்ச்சி சொற்பம். அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலையைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தூரம் கிடைக்கும். கதவைத் திறந்து வைத்தால் ஹால் வரை பார்வை போகும்.

கண்ணாடி இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பத்தடி தள்ளி மாட்டியிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியில் உங்கள் பின்னால் இருக்கும் காலண்டரைப் பார்த்தால், கண்ணுக்கு அது உங்களிடமிருந்து கண்ணாடி வரை உள்ள தூரமும் அங்கிருந்து காலண்டர் வரை உள்ள தூரமும் சேர்ந்த அளவு. கண்ணாடியின் சட்டத்தையோ மேலே ஒட்டிய பொட்டையோ பார்த்தால் இந்தக் கணக்கு செல்லாது.

இடைவேளையில் போனைப் பார்த்துக்கலாமா? இல்ல, கண்ணை மூடிக்கலாமா?

போன் கணக்கில் சேராது. லேப்டாப் 50-60 செ.மீ. தள்ளி இருக்கிறது, போனை 30 செ.மீ.க்குள் பிடிக்கிறோம். ஓய்வு என்ற பெயரில் தசைக்கு ஏறக்குறைய இரட்டை வேலை கொடுக்கிறீர்கள்.

கண்ணை மூடுவது வேறு வகை உதவி. காய்ந்த கண்ணுக்கு ஈரம் கிடைக்கும். எரிச்சல்தான் உங்கள் முக்கியத் தொல்லை என்றால் அதுவே போதுமானதாக இருக்கலாம். ஆனால் மூடிய கண்ணுக்குப் பார்க்க இலக்கு இல்லாததால், மேலே வெறும் வானத்தைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். பத்து விநாடி மூடி, பத்து விநாடி தூரம் பார்ப்பது நல்ல சமரசம்.

வேலை மும்முரத்தில் மறந்தே போயிடுது. எப்படி ஞாபகம் வைக்கிறது?

ஞாபகத்தை நம்பினால் மூன்றாம் நாள் நின்றுவிடும். கணினியிடம் கொடுத்துவிடுங்கள். Stretchly என்ற இலவச மென்பொருள் Windows, macOS, Linux மூன்றிலும் ஓடும். நிறுவியதும் அது 10 நிமிடத்துக்கு ஒரு முறை 20 விநாடி நிறுத்தும்படி அமைந்திருக்கும். அது பலருக்குத் தொந்தரவாகி மறுநாளே நீக்கிவிடுகிறார்கள். அமைப்பில் போய் 20 நிமிடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். Linux வைத்திருப்பவர்கள் எதையும் நிறுவ விரும்பாவிட்டால் டெர்மினலில் இதை ஓடவிட்டாலே போதும்:

```
while true; do
  sleep 1200
  notify-send "தூரமாகப் பாருங்கள்"
  sleep 20
  notify-send "போதும்"
done
```

அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லையா? வேலையிலேயே வரும் சந்துகளைப் பிடியுங்கள்: ஃபைல் ஏறும்போது, மீட்டிங்கில் அடுத்தவர் பேசும்போது, ஒரு மெயிலை அனுப்பிவிட்டு அடுத்ததைத் திறக்கும் முன். மணி அடித்து நினைவூட்டுவதை விட இது சிலருக்கு நன்றாக ஒட்டிக்கொள்ளும். மீட்டிங்கில் கேமரா ஓடுகிறது என்றால், பேசுபவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை.

நாலு தடவை விட்டுட்டேன். சேர்த்து 80 விநாடி பார்த்தா சரியாகுமா?

இது பாக்கி வைத்துக் கட்டும் தவணை அல்ல. விட்டதை விட்டுவிட்டு அடுத்த முறையிலிருந்து தொடருங்கள். இரண்டு மணி நேரம் நிமிராமல் இருந்துவிட்டீர்கள் என்றால் 80 விநாடி கணக்கெல்லாம் வேண்டாம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து வாருங்கள்.

இந்த 20 என்ற எண்ணுக்கு ஆதாரம் இருக்கா, இல்ல சும்மா சொல்றதா?

1990களில் ஜெஃப்ரி ஆன்ஷெல் என்ற அமெரிக்கக் கண் பரிசோதகர் மக்கள் எளிதில் நினைவில் வைத்துக்கொள்ள இப்படி அமைத்தார். மூன்று இடத்திலும் 20 வருவது வாய்ப்பாடு போல மனதில் நிற்கத்தான். 19 நிமிடத்தில் பலன் இல்லை, 20இல் உண்டு என்பதற்கு எந்தச் சோதனையும் கிடையாது.

பிறகு நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. கணினியில் நினைவூட்டல் வைத்துச் சில வாரம் செய்தவர்களுக்குத் தொல்லைகள் ஓரளவு குறைந்ததாக ஒரு ஆய்வு சொல்கிறது. நினைவூட்டலை நிறுத்தியதும் அந்தப் பலன் நிலைக்கவில்லை. 20 விநாடி இடைவேளையால் கவனிக்கத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை என்கிறது இன்னொன்று. ஆகவே இதை மருந்தாக எண்ண வேண்டாம். செலவில்லை, கெடுதல் இல்லை, பலருக்கு இதமாக இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும். பவர் குறையும், கண்ணாடி போடாமல் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திரை எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கணும்?

நிமிர்ந்து உட்கார்ந்து கையை நேராக நீட்டினால் விரல் நுனி திரையைத் தொட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது 50 முதல் 70 செ.மீ. வரை வரும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்கு இரண்டு மூன்று விரற்கடை கீழேயோ இருக்கட்டும். பார்வை சற்றே தாழ்ந்திருந்தால் மேல் இமையும் தாழ்ந்து கண்ணின் திறந்த பரப்பு குறையும், காய்வதும் குறையும். திரையைக் கண்ணுக்கு மேலே ஏற்றி வைப்பவர்களுக்குக் கழுத்து, கண் இரண்டுமே தொல்லை தரும்.

தூரத்தைச் சரி செய்த பிறகும் தலை தானாக முன்னே போகிறது என்றால் எழுத்துதான் சிறியது. தமிழில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ‘க’வா ‘க்’கா என்று புள்ளியைத் தேடிக் குனிகிறீர்களா, ‘கி’யும் ‘கீ’யும் ஒன்றாகத் தெரிகின்றனவா? அப்படியானால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டிய நேரம். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழின் சுழிகளுக்கும் புள்ளிகளுக்கும் போதாது. உலாவியில் `Ctrl`, macOS என்றால் `Cmd`, அழுத்திக்கொண்டு `+` தட்டுங்கள். 125 அல்லது 150 சதவீதம் பலருக்குச் சரியாக வரும்.

வீட்டில் டைனிங் டேபிள்தான் இருக்கு, பிளாஸ்டிக் நாற்காலிதான். இதை வச்சு ஒழுங்கா உட்கார முடியுமா?

முடியும், ஆனால் அளந்து பார்க்க வேண்டும். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். உட்காருபவர் உயரம் 5 அடி 2 அங்குலம். டேபிள் 75 செ.மீ., நாற்காலியின் இருக்கை 43 செ.மீ. தோளைத் தளரவிட்டு முழங்கையை மடித்தால், இருக்கையிலிருந்து முழங்கை வரை 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து முழங்கை 65 செ.மீ.யில் நிற்கிறது, டேபிளோ அதைவிட 10 செ.மீ. உயரம். இந்த 10 செ.மீ.யை உடம்பு தோளைத் தூக்கித்தான் ஈடுகட்டும். சாயங்காலம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல் வைத்தது போலிருப்பது இதனால்தான்.

டேபிளின் காலை அறுக்க முடியாது, ஆகவே ஆளை உயர்த்த வேண்டும். தலையணை வேண்டாம், உட்கார்ந்ததும் அமுங்கி ஒரு பக்கம் சாயும். ஜமக்காளத்தை இறுக்கமாக மடித்து 10 செ.மீ. ஏற்றுங்கள், உட்கார்ந்த பிறகு அளந்து 10 வர வேண்டும். இப்போது இருக்கை 53 செ.மீ. இவருக்குக் குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 39 செ.மீ. என்றால் கால் 14 செ.மீ. அந்தரத்தில் தொங்கும். தொங்கும் காலின் பாரம் தொடையின் அடியில் விழுந்து மரத்துப் போகும். இரண்டு செங்கல்லை ஒன்றின் மேல் ஒன்று படுக்க வைத்தால் ஏறக்குறைய 15 செ.மீ. வரும். அப்படி இரண்டு அடுக்குகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் துணி சுற்றிவிட்டால் இரண்டு பாதமும் முழுதாகப் பதியும் இடம் தயார்.

கடைசியாகத் திரை. இருக்கையிலிருந்து கண் வரை 70 செ.மீ. என்றால் கண் தரையிலிருந்து 123 செ.மீ., அதாவது டேபிளிலிருந்து 48 செ.மீ. உயரம். திறந்து வைத்த லேப்டாப்பின் மேல் விளிம்பு டேபிளிலிருந்து 24 செ.மீ.தான் இருக்கும். கண்ணுக்கு 3 செ.மீ. கீழே நிறுத்த 21 செ.மீ. ஏற்ற வேண்டும்; தடித்த பழைய பாடப் புத்தகங்களை அடுக்கினால் ஆயிற்று. காற்றுப் போகும் துளைகள் பெரும்பாலும் லேப்டாப்பின் அடியில் இருக்கும். அவை புத்தகத்தில் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பை அவ்வளவு உயரத்தில் வச்சா எப்படி டைப் அடிக்கிறது?

அடிக்க முடியாது, அதுதான் லேப்டாப்பின் அடிப்படைச் சிக்கல். திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் கண்ணுக்குச் சரியாக வைத்தால் கைக்குத் தவறு, கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்குவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. நாற்காலிக்கும் ஸ்டாண்டுக்கும் செலவழிக்கும் முன் இந்த இரண்டையும் வாங்குங்கள். விலையுயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து லேப்டாப் பார்ப்பவருக்கு நாற்காலியால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

மவுஸைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே, அதே மட்டத்தில் வையுங்கள். எண்கள் தனியாக உள்ள நீளமான கீபோர்டு என்றால் மவுஸ் தள்ளிப் போய்த் தோள் விரிந்தே நிற்கும். எண்களை அதிகம் பயன்படுத்தாதவர்களுக்குக் குட்டைக் கீபோர்டு நல்லது.

நீங்க சொன்ன மாதிரி ஜமக்காளம் போட்டேன், தொடை டேபிளில் இடிக்குது.

டைனிங் டேபிளில் பலகைக்குக் கீழே சுற்றிலும் ஒரு மரச் சட்டம் ஓடும். அது 8-10 செ.மீ. இறங்கியிருந்தால் மேலே சொன்ன 10 செ.மீ. ஏற்றம் செல்லாது. 5 செ.மீ. மட்டும் ஏற்றிக்கொண்டு, கீபோர்டை டேபிளின் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, முன்கை முழுவதும் பலகைமேல் படுத்திருக்கும்படி வையுங்கள். முழங்கை சரியான மட்டத்தில் இல்லாவிட்டாலும் கையின் பாரத்தைப் பலகை தாங்குவதால் தோளுக்கு வேலை குறையும். பலகை விளிம்பு கூர்மையாக மணிக்கட்டில் அழுத்தினால் துண்டை மடித்துப் போடுங்கள். இருக்கை 5 செ.மீ. இறங்கியதால் செங்கலை ஒற்றை அடுக்காக்கி, புத்தக அடுக்கையும் 5 செ.மீ. குறைக்க மறக்காதீர்கள்.

முதுகை நேரா வச்சே உட்கார்ந்தாலும் பத்து நிமிஷத்தில் சரிஞ்சிடுறேன். என்ன தப்பு?

தப்பு எதுவும் இல்லை. எந்த உடம்பும் ஒரே நிலையில் நிற்காது. ஆணி அடித்தது போல நிமிர்ந்திருப்பதே சரியான நிலை என்ற எண்ணத்தைத்தான் விட வேண்டும். இடுப்பை நாற்காலியின் பின்புறம் வரை தள்ளி உட்கார்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். இடுப்பின் உள்வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் இடுப்புக்கு முட்டு இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியிலும் பிடிமானம் கிடைக்கும். சரிவது பெரும்பாலும் இடுப்பு முன்னால் நழுவுவதில்தான் ஆரம்பிக்கும்.

20 விநாடி இடைவேளையை இதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். தூரத்தைப் பார்த்தபடியே இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள், பாதம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள், தோளை ஒரு முறை காதுவரை தூக்கிப் பொத்தென்று விடுங்கள். ஆனால் முதுகுக்கு 20 விநாடி போதாது. அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஒரு முறையாவது எழுந்து நாலடி நடக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைக்காமல் சமையலறையில் வைத்தால் தானாக நடந்துவிடும்.

ஏசி ரூமில்தான் எனக்கு எரிச்சல் அதிகம். திரை வெளிச்சத்தாலா?

முதலில் காற்றைப் பாருங்கள். ஏசி காற்றோ டேபிள் ஃபேன் காற்றோ நேராக முகத்தில் அடித்தால், ஏற்கெனவே குறைவாகச் சிமிட்டும் கண் இன்னும் சீக்கிரம் காயும். உட்காரும் இடத்தில் டிஷ்யூ தாளின் ஒரு துண்டை முகத்துக்கு முன்னால் பிடியுங்கள். அது படபடத்தால் ஏசியின் இலையைத் திருப்புங்கள் அல்லது இடம் மாறுங்கள்.

வெளிச்சத்துக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறங்கள். திரை விளக்கு போல ஒளிர்ந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள், தாளை விட மங்கலாக இருந்தால் கூட்டுங்கள். திரையை அணைத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியில் பாருங்கள். டியூப்லைட்டோ ஜன்னலோ அதில் தெரிந்தால் திரையைத் திருப்ப வேண்டும். ஜன்னல் பக்கவாட்டில் இருப்பதே நல்லது. பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் இதெல்லாம் தேவையில்லையாமே?

அந்தப் பணத்தைக் கீபோர்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடியை விட இவை மேலானவை என்று தெரியவில்லை. குறைந்தபட்சம் குறுகிய காலத்துக்கு. முதல் கேள்வியில் சொன்ன இரண்டு காரணங்களுக்கும் ஒளியின் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. சரியான பவர் உள்ள கண்ணாடி என்பது வேறு கதை. கொஞ்சம் பவர் மாறியிருந்தாலே திரை வேலையில் அது பெரிதாகத் தெரியும்.

நாற்பத்தைந்து வயசு, வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கேன். திரையைப் பார்த்தா கழுத்துதான் வலிக்குது.

மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று அமைந்த கண்ணாடியாக இருக்கும். திரையைப் படிக்கக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டியிருப்பதால், உங்களை அறியாமல் தாடையைத் தூக்குகிறீர்கள். பக்கத்தில் இருப்பவரை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட கண்ணாடி போட்டவர்களுக்குத் திரை உயரம் பற்றி மேலே சொன்னது பொருந்தாது. தாடை இறங்கிக் கழுத்து இயல்பாக வரும்வரை திரையைத் தாழ்த்தி, கொஞ்சம் மல்லாத்தி வையுங்கள். அப்படியும் சரிவராவிட்டால், கணினித் தூரத்துக்கு என்று தனிக் கண்ணாடி கிடைக்கும். வாங்கப் போகும்போது கண்ணிலிருந்து திரை வரை எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அந்த அளவு இல்லாமல் புத்தகத் தூரத்துக்குப் போட்டுக் கொடுத்தால் திரை மறுபடியும் மங்கல்தான்.

எரிச்சலுக்கு நந்தியாவட்டைப் பூ, பன்னீர், வெள்ளரிக்காய் ஏதாவது வைக்கலாமா?

மூடிய இமைமேல் கழுவிய வெள்ளரித் துண்டோ குளிர்ந்த ஈரத்துணியோ வைத்தால் இதமாக இருக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். பூவின் சாற்றையோ பன்னீரையோ கண்ணுக்குள் விடாதீர்கள். கண்ணுக்காகக் கிருமி நீக்கித் தயாரிக்காத எந்த நீரும் தொற்றுக்கு வழி. மருந்துக்கடையில் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுவதும் நல்லதல்ல. எந்தச் சொட்டு என்பதைக் கண் மருத்துவர் சொல்லட்டும்.

எப்போ டாக்டரிடம் போகணும்?

பார்வை திடீரெனக் குறைந்தாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, மின்னல் போல ஒளி தெறித்தாலோ, புதிதாகக் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, வலியோடு கண் சிவந்தாலோ அன்றைக்கே போங்கள். திரையை மாற்றி வைத்துப் பார்க்கும் விஷயம் அல்ல இது. கை மரத்துப் போவது, பிடி தளர்வது, கழுத்து வலி கைக்கு இறங்குவது ஆகியவையும் அப்படியே. இவை எதுவும் இல்லை, ஆனால் இங்கே சொன்னதை இரண்டு மூன்று வாரம் செய்தும் தொல்லை குறையவில்லை என்றால் ஒரு கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே மேசை. அவர் ஆறடி. தினமும் எல்லாத்தையும் மாற்றிக்கிட்டே இருக்கணுமா?

மாற்றத்தான் வேண்டும், ஆனால் அளப்பது ஒரே ஒரு முறை. டைனிங் டேபிள் கணக்கை இருவருக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஆறடி ஆளுக்கு ஜமக்காளத்தின் உயரம் குறைவாகவே போதும், செங்கல் பெரும்பாலும் தேவைப்படாது. இருக்கையிலிருந்து கண் வரை உள்ள உயரம் அவருக்கு அதிகம், நீங்களோ ஜமக்காளத்தால் 10 செ.மீ. ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆகவே இருவரின் கண் மட்டமும் நினைப்பதை விடப் பக்கத்தில் வந்துவிடும். பல வீடுகளில் ஒரு புத்தகத்தை எடுப்பதும் வைப்பதுமே வித்தியாசம். அந்தப் புத்தகத்தின் முதுகில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

திரையின் தூரத்துக்கு மேசையில் இரண்டு இடத்தில் சின்ன டேப் துண்டு ஒட்டிக்கொண்டால் நகர்த்துவது அரை நிமிட வேலை. எழுத்து அளவுக்கு இருவரும் கணினியில் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வதே தொல்லையில்லாத வழி.